உரையாசிரியர் வருமுன் மூலம்: ஒரு நாவலையும் அதன் மீதான கட்டுரையையும் சேர்த்து வாசிக்கும் முறை

பள்ளிக்கூடத்தில் குறள் படித்த ஒருவரிடம் ஏதாவது ஒரு குறளின் பொருளைக் கேட்டுப் பாருங்கள். அநேகமாக உரை வாக்கியம் ஒன்று அப்படியே வந்து விழும். ஏழு சீரும் மறந்திருக்கும், உரை மறந்திருக்காது. நாவலையும் பலர் இந்தப் பழக்கத்தோடுதான் தொடுகிறார்கள். முதலில் ரியூசன் வகுப்புக் குறிப்பு, அடுத்தது முன்னுரை, நேரம் மிஞ்சினால் நாவல். அப்படி வாசித்தவர் நாவலைப் பற்றி நன்றாகவே பேசுவார். ஆனால் அவர் பேசுவதில் அவர் கண்டுபிடித்தது எது என்று கேட்டால் பதில் இருக்காது.

கட்டுரைகளை ஒதுக்கிவிடுவதும் தீர்வு அல்ல. நல்ல திறனாய்வு நாம் தாண்டிப்போன இடத்துக்கு நம்மைத் திருப்பி அழைத்து வரும். வாசிக்கும் வரிசையும், இடையில் எழுதிவைக்கும் குறிப்பும் சரியாக இருந்தால் போதும். அதை ஒரே ஒரு நாவல், ஒரே ஒரு முதன்மைக் கட்டுரை கொண்டு இங்கே செய்து பார்க்கலாம்.

எடுத்துக்கொள்ளும் நாவலும் கட்டுரையும்

நாவல், ஜோசப் கொன்ராட்டின் 'ஹார்ட் ஒஃப் டார்க்னெஸ்'. 1899இல் ஆங்கில மாத இதழ் ஒன்றில் மூன்று பகுதிகளாக வந்து, 1902இல் நூலில் சேர்ந்தது. மார்லோ என்ற மாலுமி ஆபிரிக்காவில் நதி வழியே போய், தந்தம் சேகரிக்கும் கேர்ட்ஸ் என்ற கம்பனி ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கும் கதை. கட்டுரை, நைஜீரிய நாவலாசிரியர் சினுவா ஆச்சிபி 1975 பெப்ரவரியில் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரை, 1977இல் அச்சானது. நம்மவரான என்.கே. மகாலிங்கம் 'சிதைவுகள்' என்று தமிழாக்கிய நாவலை எழுதியவர் இதே ஆச்சிபிதான்.

இந்த இணையைத் தேர்ந்ததற்குக் காரணம் ஆச்சிபியின் கட்டுரை மிகவும் வலியது என்பதே. கொன்ராட் ஓர் இனவாதி, இந்த நாவலைப் பெரும் கலைப்படைப்பு என்று அழைக்க முடியாது என்று அது நேரடியாகச் சொல்கிறது. கோபமும் தெளிவும் ஒன்றாகச் சேர்ந்த எழுத்து. முதன்முறை வாசிப்பவரை அது முழுதாக விழுங்கிவிடும். இதன் முன்னால் உங்கள் பார்வை தாக்குப்பிடித்தால் வேறு எந்தக் கட்டுரையின் முன்னாலும் தாக்குப்பிடிக்கும்.

நாவலின் ஆங்கில மூலம் காப்புரிமை கடந்தது. gutenberg.org தளத்தில் 219 என்ற இலக்கத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனாலும் வாசிப்பதற்கு அச்சுப் புத்தகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திரையில் உள்ளது பின்னால் தேடுவதற்கு உதவும். கட்டுரை பதினைந்து பக்கத்துக்குள் அடங்கும். அதைப் போட்டோ கொப்பி எடுக்கும்போது 90 வீதத்துக்குக் குறைத்து, ஒற்றைப் பக்கமாக எடுக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் எழுத இடம் கிடைக்கும், பின்பக்கம் முழுவதும் உங்களுக்கு மிஞ்சும். இரட்டைப் பக்கமாக எடுத்துக் காசு மிச்சம் பிடித்தால் குறிப்பெழுத இடமில்லாமல் கோடு மட்டும் போடுவீர்கள். கோடு போடுவது ஆமோதிப்பதற்கு வசதியான முறை, கேள்வி கேட்பதற்கு அல்ல.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரைக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. 1977இன் வடிவத்தில் கொன்ராட்டுக்கு இடப்பட்ட அடைமொழி கிட்டத்தட்ட வசவு. பின்னால் திருத்திய வடிவத்தில் அது 'முழுக்க முழுக்க இனவாதி' என்ற பொருளுக்கு மாறியது. உங்கள் கையில் இருப்பது எந்த வடிவம் என்று முதல் பக்கத்தில் குறித்துவையுங்கள். இல்லாவிட்டால் நீங்களும் நண்பரும் இரண்டு வெவ்வேறு வாக்கியங்களை வைத்துக்கொண்டு ஒரே வாக்கியத்தைப் பற்றிச் சண்டை பிடிப்பீர்கள்.

முதல் வாசிப்பு

நாவல் ஏறத்தாழ 38,000 சொற்கள். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ள ஒருவர், கொன்ராட்டின் நீண்ட வாக்கியங்களை நிமிடத்துக்கு 110 சொல் வீதம் வாசித்தால் ஆறு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். மூன்று பகுதிகள் இருப்பதால் மூன்று மாலைகளுக்கு, மாலைக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே இருப்பில் முடிக்க முயன்றால் மூன்றாம் பகுதியில் கண் ஓடும், மனம் ஓடாது. கடைசிக் காட்சி அந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

முன்னுரையைத் தாண்டிவிடுங்கள். முன்னுரை என்பது புத்தகத்தின் முன்பக்கத்தில் வைத்துத் தைக்கப்பட்ட ஒரு திறனாய்வுக் கட்டுரை, அவ்வளவுதான். மாணவர்களுக்கான பதிப்புகளில் நாவலின் பின்னாலேயே ஆச்சிபியும் மற்றவர்களும் அச்சாகியிருப்பதும் உண்டு. அந்தப் பக்கங்களை ஒரு கிளிப் போட்டு மூடிவையுங்கள். விளங்காத சொல்லுக்கு அகராதி பார்க்கலாம். அடிக்குறிப்பில் இடத்தின் பெயர், கப்பலின் வகை போன்ற தகவல் இருந்தால் வாசிக்கலாம். 'இங்கே ஆசிரியர் இன்னதைக் குறியீடாக்குகிறார்' என்று அடிக்குறிப்பு ஆரம்பித்தால் அதோடு நிறுத்துங்கள்.

ஒவ்வொரு பகுதிக்கும் அரைப் பக்கம், தமிழில்

ஒவ்வொரு மாலையும் வாசித்து முடித்த உடனேயே கொப்பியில் அரைப் பக்கம் எழுதுங்கள். கதைச் சுருக்கம் வேண்டாம், அதை யாரும் எழுதலாம். உங்களை நிறுத்திய மூன்று இடங்கள், பக்க எண்ணோடு. பதில் தெரியாத ஒரு கேள்வி. இதுவரை நாவல் எப்படிப்பட்டது என்று ஒரு வாக்கியத் தீர்ப்பு. கீழே திகதி. பேனாவால் எழுதுங்கள். பென்சிலால் எழுதினால் கட்டுரை வாசித்த பிறகு கை அழிறப்பரை நோக்கிப் போகும்.

நாவல் ஆங்கிலமாயிருந்தாலும் குறிப்பைத் தமிழில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கட்டுரையாளர்களின் ஆங்கிலச் சொற்றொடர்கள் நாவலின் ஆங்கிலத்தோடு எளிதில் கலந்துவிடும். ஒரு கிழமை கழித்து எது கொன்ராட்டின் வாக்கியம், எது ஆச்சிபியின் வாக்கியம், எது உங்களுடையது என்று பிரிக்க முடியாது. தமிழில் எழுதும்போது ஒவ்வொன்றையும் உங்கள் வாயால் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்ல வராவிட்டால், அந்த இடம் இன்னும் விளங்கவில்லை என்று உடனே தெரிந்துவிடும்.

இங்கே வாசிக்கும் ஒருவரின் முதற் பகுதிக் குறிப்பு இப்படி இருக்கலாம்:

"1. கடலில் நின்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் யாருமே தெரியாத காட்டை நோக்கிச் சுடுகிறது. சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது. 2. மரநிழலில் செத்துக்கொண்டிருக்கும் கூலிகள். அங்கிருந்து சில அடி தள்ளிக் கஞ்சி போட்ட சட்டையோடு கணக்காளர். 3. சுமைதூக்கி ஒருவன் பாதையோரப் புல்லில் செத்துக் கிடக்கிறான், பக்கத்தில் வெறும் தண்ணீர்ச் சுரைக்குடுக்கை. மாத்தளைக்கு நடந்தவர்கள் நினைவு வந்தது. கேள்வி: மார்லோவுக்கு இவ்வளவும் தெரிகிறதே, பிறகு ஏன் அந்தக் கம்பனியிலேயே வேலை செய்கிறான்? தீர்ப்பு: வெள்ளைக்காரரின் பேராசையை வெள்ளைக்காரனே அம்பலப்படுத்தும் கதை."

மூன்றாவது இடத்தைக் கவனியுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப்பாதையில் மாத்தளை வரை நடந்து, வழியில் விழுந்து இறந்த கோப்பித் தோட்டத் தொழிலாளரின் வரலாறு நம்மிடம் இருக்கிறது. அந்த வரி கொழும்பில் இருக்கும் தமிழ் வாசகரை நிறுத்துவது போல இன்னொருவரை நிறுத்தும் என்று எதிர்பார்க்க முடியாது. இதுதான் உங்கள் பார்வை தொடங்கும் இடம். ஆனால் எச்சரிக்கை ஒன்று வேண்டும். மாத்தளைப் பாதை நாவலில் இல்லை, உங்களிடம் இருக்கிறது. கொப்பியில் அதற்கு 'எ.நி.' (எனது நினைவு) என்று அடையாளம் போடுங்கள். பின்னால் வாதமாக எழுதும்போது, அந்த நினைவு உங்களை எந்த வரியிடம் அழைத்துச் சென்றது என்பதைக் காட்டவேண்டும். நினைவையே சான்றாக வைக்க முடியாது.

கட்டுரையைப் பிரித்து எடுத்தல்

நாவல் முடிந்து இரண்டு மூன்று நாள் விட்டுக் கட்டுரையை எடுங்கள். முதல் தடவை பேனா இல்லாமல் வாசியுங்கள். அது எங்கே போகிறது என்று தெரிந்தால் போதும். இரண்டாம் தடவை ஓரத்தில் எண் போடுங்கள்: ஒவ்வொரு புதிய கூற்றுக்கும் ஓர் எண். ஆச்சிபி தொடக்கத்தில் பல்கலைக்கழகத்தில் சந்தித்த ஒரு மனிதரைப் பற்றியும், தனக்குக் கடிதம் எழுதிய பள்ளி மாணவர்களைப் பற்றியும் பேசுகிறார். அவை வாதத்துக்கு வாசல், கூற்று அல்ல. எண் வேண்டாம்.

எண் போட்ட கூற்றுகளை மூன்று வகையாகப் பிரியுங்கள். பக்கத்தில் இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்க்கக்கூடியது முதல் வகை. அதன் பொருள் என்ன என்று சொல்வது இரண்டாம் வகை. ஆகவே நாவல் நல்லதா கெட்டதா என்பது மூன்றாம் வகை. ஆச்சிபியிடமிருந்து ஒவ்வொன்று:

ஆபிரிக்கர்கள் நாவலில் பேசுவதே அரிது, உறுமலும் இரைச்சலுமாகவே கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் பேச விடப்படுவது இரண்டே தடவை. இது முதல் வகை. மார்லோவின் பார்வைக்கு மாற்றான ஒரு பார்வையைக் கொன்ராட் எங்கும் கோடிகூடக் காட்டவில்லை, ஆகவே மார்லோ சொல்வதற்குக் கொன்ராட்டும் பொறுப்பு. இது இரண்டாம் வகை. இப்படி ஒரு மனிதக் கூட்டத்தை மனிதராகக் காணாத நாவல் பெருங்கலை ஆகாது. இது மூன்றாம் வகை.

தொடக்க வாசகர்கள் செய்யும் பிழை, மூன்றாம் வகையிலிருந்து சண்டையை ஆரம்பிப்பது. 'கொன்ராட் இனவாதியா இல்லையா' என்று மேசையைத் தட்டத் தொடங்கினால் நாவலைத் திறக்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடும். முதல் வகையிலிருந்து ஏறுங்கள்.

நாவலுக்குத் திரும்புதல்

இங்கேதான் நேரத்தைச் செலவழிக்கவேண்டும். கட்டுரை மேற்கோள் காட்டும் ஒவ்வொரு இடத்தையும் நாவலில் தேடி, அதற்கு மேலே பத்து வரி, கீழே பத்து வரி வாசியுங்கள். மேற்கோள் என்பது வெட்டி எடுத்த துண்டு. வெட்டியவர் நேர்மையானவராக இருந்தாலும் வெட்டு வெட்டுத்தான்.

திரையில் தேடும்போது நீண்ட சொற்றொடரைக் கொடுக்காதீர்கள். சாதாரண எழுத்துக் கோப்பில் வரி நடுவில் முறிந்திருந்தால் தேடல் அதைக் காணாது. ஒரே ஒரு அரிய சொல் போதும். Ctrl+F அழுத்தி ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பாருங்கள்:

```
contempt
dialect
yokels
kinship
```

முதற் கூற்றிலிருந்து தொடங்குவோம். ஆங்கிலம் பேசும் இரண்டு தடவைகளில் ஒன்று, படகில் வேலை செய்யும் நரமாமிசம் உண்போரின் தலைவன், கரையில் உள்ளவர்களைப் பிடித்துத் தா, தின்போம் என்று கேட்பது. மற்றது கேர்ட்ஸ் இறந்த செய்தியை மனேச்சரின் வேலைக்காரப் பையன் வந்து சொல்வது. ஆச்சிபி எண்ணியது சரிதான். முதலாவதில் அவர்கள் தங்கள் வாயாலேயே தங்களைக் குற்றவாளி ஆக்கிக்கொள்ள வைக்கப்படுகிறார்கள் என்கிறார்; அதை மறுப்பது கடினம். இரண்டாவதைச் சுற்றியுள்ள வரிகளை வாசித்தால் ஒரு விவரம் கண்ணில் படும். அந்தப் பையன் செய்தியைச் சொல்லும் தொனி சுட்டெரிக்கும் இளக்காரம் என்று மார்லோ சொல்கிறான். ஐரோப்பியர் பலரும் கேர்ட்ஸை மாமேதை என்று பேசிய பிறகு, அவனுக்குக் கடைசிச் செய்தி எழுதுபவன் ஒரு வேலைக்காரப் பையன், அதுவும் இளக்காரத்தோடு. அதே வரியில் அவன் தலைக்குத் 'திமிர் பிடித்த' என்ற பொருளில் ஓர் அடைமொழியும் இருக்கிறது. ஆக அவனுக்கு ஒரு தீர்ப்பு இருக்கிறது, அந்தத் தீர்ப்பைச் சொல்ல நான்கு சொல் மட்டும் கிடைக்கிறது, அதைக் கேட்பவனுக்கு அது திமிராகத் தெரிகிறது. மூன்றையும் சேர்த்து எழுதிவையுங்கள்.

அடுத்தது dialect. மூன்றாம் பகுதியில், கேர்ட்ஸோடு இருந்த இளம் ரஷ்யன் ஒரு சம்பவம் சொல்கிறான். அங்கிருந்த ஒரு கறுப்பினப் பெண் ஒருநாள் இந்த ரஷ்யனையே கைகாட்டிக் காட்டிக் கேர்ட்ஸோடு ஒரு மணித்தியாலம் ஆவேசமாகப் பேசினாளாம். என்ன பேசினாள்? இந்தக் குலத்தின் பேச்சு தனக்கு விளங்காது என்கிறான் ரஷ்யன். ஒரு மணித்தியாலப் பேச்சு, நாவலில் ஒரு சொல்கூட இல்லை. இது ஆச்சிபிக்குச் சாதகமா பாதகமா? இரண்டு பக்கமும் வெட்டும். அவள் குரல் நமக்குத் தரப்படவில்லை என்பது அவருக்குச் சாதகம். ஆனால் அவள் உறுமவில்லை, பேசினாள்; விளங்காமல் போனது கேட்டவனின் குறை என்று நாவலே ஒப்புக்கொள்கிறது என்றும் வாசிக்கலாம். சிங்களம் மட்டும் பேசும் அலுவலகக் கவுண்டரின் முன்னால் நின்று தமிழில் நீளமாக விளக்கி, எதிரே 'தெரியாது' என்ற முகத்தை மட்டும் பெற்ற எவருக்கும் இந்த இடம் சட்டென்று பிடிபடும். ('எ.நி.' போடுங்கள்.)

இப்போது இரண்டாம் வகைக் கூற்று: மாற்றுப் பார்வைக்கு ஒரு கோடிகூட இல்லை. 'ஒன்றுகூட இல்லை' என்று யார் சொன்னாலும் தேடுவதற்கு அழைப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். yokels என்ற சொல் உங்களை முதற் பகுதியில் மார்லோ 200 மைல் நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோகும். வழியெல்லாம் ஊர்கள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. மார்லோ சொல்வது இது: பயங்கர ஆயுதங்களோடு ஒரு கறுப்பர் கூட்டம் இங்கிலாந்தில் டீலுக்கும் கிரேவ்ஸெண்டுக்கும் இடையிலான தெருவில் திடீரென்று இறங்கி, அகப்பட்ட நாட்டுப்புறத்தாரைப் பிடித்துச் சுமை தூக்க வைத்தால், அங்கேயும் வீடும் தோட்டமும் சீக்கிரம் காலியாகிவிடும். சில வரி தள்ளி, இரவில் தொலைவில் கேட்கும் பறையொலிக்கு, ஒரு கிறிஸ்தவ நாட்டில் கோவில் மணிக்கு உள்ள ஆழமான அர்த்தம் இருக்கலாம் என்கிறான். உங்கள் குறிப்பில் இருந்த சுமைதூக்கியின் பிணமும் இதே பந்தியில்தான் கிடக்கிறது.

இந்தப் பந்தி கட்டுரையில் எங்கே வருகிறது என்று தேடிப் பாருங்கள். பிறகு உங்களையே கேளுங்கள்: இது மாற்றுப் பார்வையா, அல்லது ஒரு கணம் மின்னி மறையும் நகைச்சுவையா? அந்த வாக்கியத்திலேயே கறுப்பருக்கு மார்லோ பாவிக்கும் சொல் இழிசொல் என்பதையும் மறைக்காமல் குறியுங்கள். நியாயமான பதில் ஒன்று இப்படி இருக்கலாம்: கோடி காட்டப்படுகிறது, ஆனால் அது இடத்தை மாற்றிப் போட்டுப் பார்க்கும் பார்வைதான், அங்கே வாழ்பவரின் பார்வை அல்ல. ஆச்சிபியின் 'இல்லை' கொஞ்சம் மிகை, ஆனால் அவர் தேடியது இந்தப் பந்தியால் நிரம்பவில்லை. இந்த வாக்கியம் ஆச்சிபியிடமும் இல்லை, உங்கள் முதற் குறிப்பிலும் இல்லை. இரண்டும் மோதியதில் பிறந்தது.

kinship என்று தேடினால் இரண்டு இடங்களாவது வரும்: கரையில் கூச்சலிடுவோரோடு 'தொலைவான' உறவு, ஈட்டி பாய்ந்து சாகும் சுக்கான் பிடிப்பவனின் பார்வையில் தெரிந்த 'தூரத்து' உறவு. அந்த உறவுக்கு ஏன் தூரம் வைக்கவேண்டும் என்று ஆச்சிபி பிடிக்கும் பிடி கட்டுரையின் மிகக் கூர்மையான இடம். அந்தச் சுக்கான்காரனைப் பற்றிய வரிகளையும் சேர்த்து வாசியுங்கள். கேர்ட்ஸைத் தேடிப் போனதில் இழந்த அந்த உயிருக்குக் கேர்ட்ஸ் ஈடாவானா என்பதை உறுதியாகச் சொல்லமாட்டேன் என்கிறான் மார்லோ. அதே மூச்சில் அந்த மனிதனைச் சகாராவின் ஒரு மணல் துகளோடும் ஒப்பிடுகிறான். இங்கே தீர்ப்பெழுத அவசரப்பட வேண்டாம். இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, கேள்விக்குறி போட்டு விடுங்கள்.

ஒவ்வொரு கூற்றுக்கும் கொப்பியில் மூன்று சொல்லில் ஒன்றை இடுங்கள்: 'ஏற்பு', 'பாதி', 'இல்லை'. பக்கத்தில் நாவலின் பக்க எண் இல்லாவிட்டால் அந்தச் சொல் செல்லாது. எட்டுக் கூற்றில் எட்டும் 'ஏற்பு' என்று வந்தால், அல்லது எட்டும் 'இல்லை' என்று வந்தால், நீங்கள் நாவலுக்குத் திரும்பவில்லை.

விழுங்கப்பட்டதை எப்படி அறிவது

கட்டுரை முடிந்து ஒரு கிழமைக்குப் பிறகு, கட்டுரையையும் கொப்பியையும் மூடிவைத்து, நாவலைப் பற்றி ஒரு பந்தி எழுதுங்கள். பிறகு அதில் வரும் உதாரணங்களை எண்ணுங்கள். ஐந்தில் ஐந்தும் ஆச்சிபி மேற்கோள் காட்டியவையாக இருந்தால் நாவல் உங்கள் மனதில் அவர் வெட்டிய துண்டுகளாகவே எஞ்சியிருக்கிறது. குறைந்தது இரண்டாவது உங்கள் பழைய அரைப் பக்கங்களிலிருந்து வரவேண்டும். போர்க்கப்பலும் கணக்காளரின் கஞ்சிச் சட்டையும் எங்கே போயின? அவை கட்டுரைக்குத் தேவைப்படாததால் உங்களுக்கும் தேவையில்லாமல் போயிருக்கின்றன.

இன்னொரு அறிகுறி, முதல் தீர்ப்பு முழுதாகத் தலைகீழானது. 'வெள்ளைக்காரனே அம்பலப்படுத்தும் கதை' என்று எழுதியவர் இப்போது 'இனவாத நாவல்' என்று மட்டும் எழுதினால், அவர் கருத்தை மாற்றவில்லை, கருத்தை இடம் மாற்றியிருக்கிறார். மாறிய கருத்தில் பழைய கருத்தின் தழும்பு இருக்கும். உதாரணமாக: "கம்பனியின் பேராசையைத் தெளிவாகக் காணும் மார்லோ, அதில் நசுங்குபவரின் பேச்சைக் கேட்கும் காது இல்லாதவன். முதல் வாசிப்பில் எனக்கு அவன் கண் தெரிந்தது, காது தெரியவில்லை."

எதிர்ப்பக்கமாகவும் விழலாம். பிடித்த நாவலைத் திட்டிவிட்டார் என்ற கோபத்தில் ஆச்சிபியை மடக்குவதற்கு மட்டும் நாவலைப் புரட்டுபவர்கள் உண்டு. அவர்களுடைய குறிப்பில் டீல், கிரேவ்ஸெண்ட் பந்தி இருக்கும், இழிசொல் இருக்காது.

இரண்டாவது கட்டுரை

இரண்டு கிழமை இடைவெளி விட்டுத் திறனாய்வாளர் எட்வர்ட் சைத்தை எடுங்கள். 1993இல் வந்த அவருடைய 'கல்ச்சர் அண்ட் இம்பீரியலிசம்' நூலில் இந்த நாவலைப் பற்றி ஒரு பகுதி உண்டு. ஏகாதிபத்தியம் என்பது வெறும் ஆதிக்கமும் நிலப்பறிப்பும் என்று கொன்ராட்டுக்குத் தெரிந்தது. ஆனாலும் அது முடிந்து அந்த மக்கள் சுதந்திரமாக வாழவேண்டும் என்ற முடிவுக்கு அவரால் வர முடியவில்லை என்பது சைத்தின் வாதத்தின் நடு எலும்பு. கதையைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் யார் என்பதையும் அவர் கவனிக்கிறார். தேம்ஸ் நதியில் நிற்கும் படகில், கம்பனிப் பணிப்பாளர், வழக்கறிஞர், கணக்காளர். அதாவது கதை சொல்லப்படுவது வியாபார உலகத்துக்கு.

இங்கே வரும் ஆபத்து வேறு. சைத் நடுவில் நிற்பவர் போலத் தோன்றுவதால் 'ஆச்சிபியும் சரி, கொன்ராட்டும் சரி, சைத் சொல்வது போல இரண்டும்' என்று சமரசம் பேசி முடித்துவிடத் தோன்றும். சமரசம் பார்வை ஆகாது. சைத்துக்கும் அதே வேலைதான்: கூற்றை எண்ணுங்கள், வகை பிரியுங்கள், பக்கத்துக்குப் போங்கள். படகிலிருக்கும் அந்த மூவர் கதையின் நடுவில் எங்கெங்கே குறுக்கிடுகிறார்கள், எப்போது தூங்கிவிட்டார்கள் போலிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் முதற்பகுதிக் கேள்வி, மார்லோ ஏன் அந்தக் கம்பனியிலேயே இருந்தான் என்பது, இப்போது வேறு முகம் காட்டும்: இவர்களுக்கு ஏன் இதைச் சொல்கிறான்?

முதல் சுற்றுக்கு இரண்டு கட்டுரை போதும். மூன்றாவதை எடுத்தால் கட்டுரைகள் ஒன்றோடொன்று பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள், நாவல் மேசையின் ஓரத்துக்குத் தள்ளப்படும்.

தமிழ்க் கட்டுரைகளில் கூடுதலாகப் பார்க்கவேண்டியது

இதே முறையைத் தமிழ் நாவலுக்குப் பாவிக்கும்போது ஒரு தனித் தொல்லை உண்டு. நம்மிடம் கட்டுரை பெரும்பாலும் ஓர் அணியோடு வரும். க. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' 1968இல் வந்தது. வெங்கட் சாமிநாதன் அதற்கு எழுதிய கடும் மறுப்பும் புகழ்பெற்றது. இவற்றை வாசிக்கும் பலர் நாவலைத் திறக்குமுன்பே முற்போக்கு அணி, எதிர் அணி என்று ஆசனத்தில் அமர்ந்துவிடுகிறார்கள். அணி தெரிந்திருப்பது கெடுதல் இல்லை, அது கட்டுரையாளர் எதைத் தேடுவார் என்று சொல்லும். அவர் தேடியது நாவலில் இருந்ததா என்பதைச் சொல்லாது. ஈழத்துப் பழைய நூல்களும் இதழ்களும் பல noolaham.org தளத்தில் கிடைக்கின்றன. வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்திலும், விகாரமகாதேவிப் பூங்காவுக்கு அருகிலுள்ள கொழும்புப் பொது நூலகத்திலும் தேடலாம். கட்டுரையின் அச்சான ஆண்டை முதலில் பாருங்கள். பின்னால் நூலில் சேர்ந்த ஆண்டு ஒன்று, இதழில் முதலில் வந்த ஆண்டு இன்னொன்று. ஒரு விவாதத்தில் யார் யாருக்குப் பதில் சொன்னார் என்பது அந்த இடைவெளியில்தான் இருக்கும்.

எழுதி முடிக்கும்போது

வாசிப்பு வட்டத்துக்கோ வகுப்புக்கோ இரண்டு பக்கம் எழுத வேண்டியிருந்தால், முதற் பந்தியில் எந்தத் திறனாய்வாளரின் பெயரும் வரக்கூடாது. நாவலின் ஒரு வரியோடு ஆரம்பியுங்கள். முடிந்தால் உங்கள் பழைய மூன்று இடங்களில் ஒன்றோடு. ஆச்சிபி இரண்டாம் பந்தியில் வரட்டும். அவருடைய கூற்றை அவரே ஒப்புக்கொள்ளும் அளவுக்கு வலுவாக எழுதுங்கள், பிறகு எங்கே உடன்படுகிறீர்கள், எங்கே பாதி என்று சொல்லுங்கள். அவர் கண்டுபிடித்த இடத்தை அவர் பெயரைச் சொல்லாமல் பாவித்தால் அது களவு. அவர் பெயரைச் சொல்லி நீங்கள் கண்டுபிடித்ததையும் அவர் தலையில் ஏற்றுவதும் பிழைதான், அடக்கமாக எழுதுபவர்கள் இதை அடிக்கடி செய்கிறார்கள். ரஷ்யன் சொன்ன அந்த ஒரு மணித்தியாலப் பேச்சை நீங்களே கண்டிருந்தால் 'எனக்குத் தோன்றுவது' என்று எழுதுங்கள்.

கடைசியாகப் பழைய அரைப் பக்கங்களுக்குத் திரும்பி, ஒவ்வொரு தீர்ப்பின் கீழும் இன்றைய திகதியிட்டு ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பழையதை வெட்ட வேண்டாம். பதில் கிடைக்காத கேள்வி எஞ்சியிருந்தால், உதாரணமாகக் கேர்ட்ஸுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணிடம் மார்லோ கடைசியில் ஏன் பொய் சொல்கிறான் என்பது, அதைக் கொப்பியின் பின்னட்டையில் எழுதிவையுங்கள். மூன்றாவது கட்டுரையைத் தேடும்போது அந்தக் கேள்வியைக் கையில் கொண்டு போகலாம்.